அளவைகள் முரண்படும்போது: இயல்நிலைச் சமன்பாடுகளின் வழியே மிகப் பொருத்தமான தீர்வு

இரண்டு மாறிலிகளின் மதிப்பை அறிய இரண்டு சமன்பாடுகள் போதும் என்பது பள்ளிக் கணக்கு. ஆனால் களத்தில் அளவை செய்வோர் இரண்டோடு நிறுத்துவதில்லை. ஒரே உயரத்தை வெவ்வேறு வழிகளில் அளந்து நான்கு, ஐந்து, சில வேளைகளில் நூற்றுக்கணக்கான சமன்பாடுகளைத் திரட்டுகின்றனர். அளவைகள் அனைத்தும் பிழையற்றவையாக இருப்பின் மிகுதியான சமன்பாடுகள் முந்தையவற்றை உறுதி செய்வதோடு நின்றுவிடும். ஆனால் எந்த அளவையிலும் சிறு பிழை உண்டு. ஆகவே அச்சமன்பாடுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அனைத்தையும் ஒருங்கே நிறைவு செய்யும் மதிப்பு எதுவும் இல்லாமற் போகிறது. மாறிலிகளைவிடச் சமன்பாடுகள் மிகுந்த இத்தகைய தொகுதியிலிருந்து எந்த மதிப்பை ஏற்பது என்பதே இங்கு எழும் கேள்வி.

இதற்கான விடையை முதன்முதலில் அச்சில் வெளியிட்டவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர். வால்மீன்களின் பாதைகளைக் கணிப்பது பற்றி 1805-இல் வெளிவந்த நூலில் அவர் 'மீச்சிறு வர்க்க முறை'யை விளக்கினார். 1809-இல் ஜெர்மானியக் கணித மேதை காஸ், இதே முறையைப் பிழைகளின் நிகழ்தகவோடு இணைத்து வெளியிட்டார்; தாம் அதனை 1795 முதலே கையாண்டு வருவதாகவும் கூறினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்காக லாம்டன் சென்னையில் பரங்கிமலைக்கு அருகே தம் அடிக்கோட்டை அளந்தது 1802-இல். அதாவது இம்முறை அச்சேறுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர். பின்னர் உலகெங்கும் நில அளவைத் துறைகள் தம் கணிப்புகளுக்கு இம்முறையையே அடிப்படையாகக் கொண்டன. எனவே இம்முறையை விளக்குவதற்கு நில அளவையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வது பொருத்தமாகும்.

நான்கு அளவைகள், இரண்டு உயரங்கள்

ஒரு வாய்க்கால் திட்டத்திற்காக ஆ, இ என்னும் இரு இடங்களின் உயரம் தேவைப்படுகிறது என்று கொள்வோம். அருகில் அ, ஈ என்னும் இரு நிலையான மட்டக்குறிகள் உள்ளன. அவற்றின் உயரம் முன்னரே தெரியும். ஈ என்பது அ-வைவிடச் சரியாக 1.000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அ-விலிருந்து ஆ எவ்வளவு உயரம் என்பதை x என்றும், அ-விலிருந்து இ எவ்வளவு உயரம் என்பதை y என்றும் குறிப்போம். மட்டக் கருவியைக் கொண்டு நான்கு வழிகளில் உயர வேறுபாடுகள் அளக்கப்பட்டன. இந்த எண்கள் விளக்கத்திற்காக அமைத்தவை.

அ-விலிருந்து ஆ: 2.413 மீட்டர் ஏற்றம்.
ஆ-விலிருந்து இ: 1.168 மீட்டர் ஏற்றம்.
அ-விலிருந்து இ: 3.590 மீட்டர் ஏற்றம்.
ஈ-யிலிருந்து இ: 2.584 மீட்டர் ஏற்றம்.

இறுதி அளவையோடு ஈ-யின் 1.000 மீட்டரைச் சேர்த்தால், அ-விலிருந்து இ-யின் உயரம் 3.584 மீட்டர் ஆகிறது. ஆகவே நமக்குக் கிடைக்கும் சமன்பாடுகள்:

x = 2.413 … (1)
−x + y = 1.168 … (2)
y = 3.590 … (3)
y = 3.584 … (4)

மூன்றாம், நான்காம் சமன்பாடுகள் ஒன்றையொன்று மறுப்பது பார்த்தவுடனே தெரிகிறது. முதலிரண்டையும் கூட்டினால் y = 3.581 என வருகிறது. அது மற்ற இரண்டோடும் ஒத்துப்போகவில்லை. விருப்பப்படி இரண்டு சமன்பாடுகளை மட்டும் எடுத்துத் தீர்க்கலாமே என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் எந்த இரண்டைத் தேர்ந்தோம் என்பதற்கேற்ப y-யின் மதிப்பு 3.581, 3.584, 3.590 என மாறுகிறது. X-இன் மதிப்பும் 2.413, 2.416, 2.422 என மாறுகிறது. கணக்கிடுபவரின் விருப்பத்திற்கேற்ப விடை மாறும் முறையை ஏற்க இயலாது. மேலும், உழைத்துப் பெற்ற மற்ற இரு அளவைகளும் வீணாகின்றன.

எச்சங்களும் அவற்றின் வர்க்கங்களும்

x, y ஆகியவற்றுக்கு ஏதேனும் இரு மதிப்புகளை ஏற்றுக்கொண்டோமானால், ஒவ்வொரு சமன்பாட்டிலும் அளந்த மதிப்புக்கும் கணித்த மதிப்புக்கும் இடையே ஒரு வேறுபாடு நிற்கும். இதனை 'எச்சம்' என்பர். எச்சங்கள் அனைத்தும் சுழியாவது இயலாத நிலையில், அவற்றை மொத்தத்தில் இயன்றவரை சிறிதாக்குவதே நோக்கமாகும். எச்சங்களை அப்படியே கூட்டினால் மிகைக் குறியும் குறைக் குறியும் ஒன்றையொன்று அழித்துவிடும். பெரும் பிழைகள் இருந்தும் கூட்டுத்தொகை சுழியாகத் தோன்றும். ஆகவே ஒவ்வோர் எச்சத்தையும் வர்க்கமாக்கிக் கூட்டி, அக்கூட்டுத்தொகை மீச்சிறிதாகும் மதிப்புகளைத் தேர்ந்தெடுக்கிறோம். வர்க்கமாக்குவதால் குறியின் சிக்கல் நீங்குகிறது. பெரிய எச்சத்திற்குக் கூடுதலான தண்டனை கிடைக்கிறது. விடை காண்பதற்கு நேரியல் சமன்பாடுகளே போதுமானவையாகின்றன.

நம் எடுத்துக்காட்டில் வர்க்கங்களின் கூட்டுத்தொகை:

S = (2.413 − x)² + (1.168 + x − y)² + (3.590 − y)² + (3.584 − y)²

S மீச்சிறிதாகும் இடத்தில் x-ஐப் பொறுத்தும் y-ஐப் பொறுத்தும் அதன் பகுதி வகைக்கெழுக்கள் சுழியாக வேண்டும். x-ஐப் பொறுத்து வகையிட்டு 2-ஆல் வகுத்தால்,

−(2.413 − x) + (1.168 + x − y) = 0

எனக் கிடைக்கிறது. y-ஐப் பொறுத்து அவ்வாறே செய்தால்,

−(1.168 + x − y) − (3.590 − y) − (3.584 − y) = 0

எனக் கிடைக்கிறது. இவற்றை ஒழுங்குபடுத்தினால்,

2x − y = 1.245
−x + 3y = 8.342

என்னும் இரு சமன்பாடுகள் வருகின்றன. இவையே இயல்நிலைச் சமன்பாடுகள். நான்கு சமன்பாடுகள் இரண்டாகச் சுருங்கிவிட்டன. ஆயினும் அவ்விரண்டிலும் நான்கு அளவைகளின் பங்கும் உள்ளது.

வகை நுண்கணிதத்தை ஒவ்வொரு முறையும் கையாள வேண்டியதில்லை. மூலச் சமன்பாடுகளின் கெழுக்களை A என்னும் அணியாகவும், வலப்பக்க எண்களை b என்னும் நிரலாகவும் எழுதினால், இயல்நிலைச் சமன்பாடுகள்

AᵀA x = Aᵀb

என்னும் வடிவில் அமைகின்றன. இங்கு x என்பது மாறிலிகள் அனைத்தும் அடங்கிய நிரல். Aᵀ என்பது A-யின் நிரைகளை நிரல்களாக மாற்றி எழுதிய அணி. கையால் செய்வதற்கு எளிய விதி இதுதான்: ஒவ்வொரு சமன்பாட்டையும் அதிலுள்ள x-இன் கெழுவால் பெருக்கி அனைத்தையும் கூட்டினால் முதல் இயல்நிலைச் சமன்பாடு, y-யின் கெழுவால் பெருக்கிக் கூட்டினால் இரண்டாவது. முதலாவதற்கு, (1)-ஐ 1-ஆலும் (2)-ஐ −1-ஆலும் பெருக்க வேண்டும். மற்ற இரண்டிலும் x இல்லாததால் அவை பங்கு பெறுவதில்லை. வலப்பக்கம் 2.413 − 1.168 = 1.245. இரண்டாவதற்கு (2), (3), (4) ஆகியவற்றை அப்படியே கூட்ட வேண்டும், வலப்பக்கம் 1.168 + 3.590 + 3.584 = 8.342. கெழுக்களின் அணி எப்போதும் மூலைவிட்டத்தின் இருபுறமும் சமச்சீராக இருக்கும். இங்கும் −1 என்பது இரு இடங்களிலும் வருவதைக் காணலாம். அவ்வாறு அமையவில்லையெனில் கூட்டலில் தவறு நேர்ந்துள்ளது என்று அறியலாம்.

தீர்வும் அதன் சரிபார்ப்பும்

கெழுக்களின் அணிக்கோவை 2 × 3 − 1 = 5. எனவே,

x = (3 × 1.245 + 8.342) ÷ 5 = 2.4154
y = (2 × 8.342 + 1.245) ÷ 5 = 3.5858

இம்மதிப்புகளை மூலச் சமன்பாடுகளில் இட்டால் எச்சங்கள் முறையே −2.4, −2.4, +4.2, −1.8 மில்லிமீட்டர் எனக் கிடைக்கின்றன. அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 32.4. (1), (2) ஆகிய இரண்டை மட்டும் நம்பியிருந்தால் இக்கூட்டுத்தொகை 90 ஆகியிருக்கும். (2), (3) ஆகியவற்றை நம்பியிருந்தால் 117. இரண்டிரண்டாகத் தேர்ந்து பெறும் விடைகளில் சிறந்தவற்றுக்குங்கூட அது 45-க்குக் குறையவில்லை.

கணக்கு சரிதானா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. எச்சங்களை x-இன் கெழுக்களால் பெருக்கிக் கூட்டினால் சுழி வரவேண்டும்: −2.4 + 2.4 = 0. y-யின் கெழுக்களால் பெருக்கிக் கூட்டினாலும் சுழியே வரவேண்டும்: −2.4 + 4.2 − 1.8 = 0. வடிவியல் மொழியில் சொன்னால், எச்சங்களின் திசையன் A-யின் ஒவ்வொரு நிரலுக்கும் செங்குத்தாக அமைகிறது. ஒரு தளத்திற்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தளத்தின் மிக அருகான புள்ளியை அடையச் செங்குத்துக் கோடே குறுகிய வழி என்பதை நினைவிற் கொண்டால், மீச்சிறு வர்க்கமும் செங்குத்தும் ஏன் ஒன்றாக வருகின்றன என்பது விளங்கும்.

விடையின் நம்பகத்தையும் இதே கணக்கிலிருந்து மதிப்பிடலாம். நான்கு சமன்பாடுகளில் இரண்டு மாறிலிகளுக்குச் செலவாயின, மிகுதி இரண்டு. 32.4-ஐ 2-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், ஓர் அளவையின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 4.0 மில்லிமீட்டர் என வருகிறது. இயல்நிலை அணியின் நேர்மாற்று அணியில் மூலைவிட்ட உறுப்புகள் 0.6, 0.4 ஆகும். அவற்றின் வர்க்கமூலங்களால் 4.0-ஐப் பெருக்கினால் x-இன் திட்ட விலக்கம் 3.1 மில்லிமீட்டர், y-யினுடையது 2.5 மில்லிமீட்டர். மூன்று அளவைகள் வந்து சேரும் இ என்னும் இடம், இரண்டு மட்டுமே சேரும் ஆ-வைவிடத் துல்லியமாக அறியப்படுவது இயல்பே. மிகுதி இரண்டே என்பதால் இந்த மதிப்பீடுகளைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

எல்லா அளவைகளும் சமமா?

மேற்கண்ட கணக்கு நான்கு அளவைகளையும் சமமாக நடத்தியது. ஆனால் மட்டம் பார்க்கும்போது கருவியை இடம் மாற்றி மாற்றி வைத்துச் செல்ல வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு பிழை சேர்கிறது. இப்பிழைகள் ஒன்றையொன்று சாராதவை எனின், பிழையின் மாறுபாடு தொலைவுக்கு நேர்விகிதத்தில் வளரும். ஆகவே நீண்ட வழியில் பெற்ற அளவைக்குக் குறைந்த எடை தருவதே முறை. எடை தொலைவுக்கு எதிர்விகிதத்தில் அமைய வேண்டும்.

நான்கு வழிகளின் நீளம் முறையே 2, 2, 4, 1 கிலோமீட்டர் என்று கொள்வோம். அப்போது எடைகள் 2, 2, 1, 4 என்னும் விகிதத்தில் அமையும். இயல்நிலைச் சமன்பாடுகளை அமைக்கும்போது ஒவ்வொரு சமன்பாட்டையும் அதன் எடையாலும் பெருக்கிக் கூட்டினால்,

4x − 2y = 2.490
−2x + 7y = 20.262

எனக் கிடைக்கும். இவற்றின் தீர்வு x = 2.41475, y = 3.5845. நீண்ட வழியில் பெற்ற மூன்றாவது அளவை இப்போது 5.5 மில்லிமீட்டர் எச்சத்தைத் தாங்குகிறது. குறுகிய வழியில் பெற்ற நான்காவது 0.5 மில்லிமீட்டரே விலகுகிறது. எடை என்பது கணக்கிடுபவர் தம் விருப்பு வெறுப்பை நுழைக்கும் வாயில் அன்று. அளவை எடுக்கும் முன்னரே, பிழை தோன்றும் விதத்தை எண்ணி முடிவு செய்யப்பட வேண்டியது. எச்சங்களைக் கண்ட பின் பிடிக்காத அளவையின் எடையைக் குறைப்பது முறையாகாது.

காஸ் 1823-இல் வெளியிட்ட ஆய்வில், பிழைகளின் சராசரி சுழியாகவும், அவை ஒன்றையொன்று சாராதனவாகவும் இருந்து, எடைகளும் சரியாக அமையுமானால், ஒருபுறம் சாயாத நேரியல் மதிப்பீடுகள் அனைத்திலும் இம்முறை தருவதே மிகக் குறைந்த மாறுபாடு உடையது என்று நிறுவினார். இந்த நிபந்தனைகள் எங்கெங்கே தவறுகின்றனவோ அங்கெல்லாம் முறையின் சிறப்பும் தளர்கிறது.

ஒரு தவறான பதிவு செய்யும் கேடு

அவற்றுள் பெருங்கேடு விளைவிப்பது பதிவுத் தவறு. களக் குறிப்பேட்டிலிருந்து படியெடுக்கும்போது 3.590 என்பது 3.950 என எழுதப்பட்டுவிட்டதாகக் கொள்வோம். எடையில்லா முதற் கணக்கை மீண்டும் செய்தால் x = 2.4874, y = 3.7298 எனக் கிடைக்கிறது. எச்சங்கள் −74.4, −74.4, +220.2, −145.8 மில்லிமீட்டர். தவறு செய்த சமன்பாட்டில் 360 மில்லிமீட்டர் பிழை இருந்தும் அதன் எச்சம் 220 மட்டுமே காட்டுகிறது. மீதி, குற்றமற்ற மற்ற மூன்று சமன்பாடுகளின் மீது பரவிவிட்டது. வர்க்கமாக்குவதால் பெரும் பிழைக்குக் கிடைக்கும் செல்வாக்கே இதற்குக் காரணம். முன்னர்க் கூறிய செங்குத்துச் சோதனை இங்கு உதவாது: −74.4 + 220.2 − 145.8 என்பது இப்போதும் சுழியே. அச்சோதனை கூட்டல் பெருக்கலின் சரிமையை மட்டுமே காட்டும். அளவைகளின் உண்மையை அன்று.

தவறைக் கண்டுபிடிக்க, மிகப் பெரிய எச்சமுடைய சமன்பாட்டை விலக்கிவிட்டு மீண்டும் தீர்த்துப் பார்க்க வேண்டும். (3)-ஐ நீக்கினால் இயல்நிலைச் சமன்பாடுகள் 2x − y = 1.245, −x + 2y = 4.752 ஆகின்றன; x = 2.414, y = 3.583. மற்ற மூன்று எச்சங்களும் ஒரு மில்லிமீட்டர் அளவிற்குச் சுருங்குகின்றன. விலக்கிய அளவையோ 367 மில்லிமீட்டர் விலகி நிற்கிறது. அப்போது குறிப்பேட்டைத் திறந்து பார்ப்பதே அடுத்த படி. மூலப் பதிவைக் காணாமல் அளவையை ஒதுக்குவதும், காரணம் தேடாமல் எண்ணைத் திருத்துவதும் ஒரே தன்மையுடைய பிழைகளாகும்.

தீர்வு கிடைக்காத நிலை

சில வேளைகளில் இயல்நிலைச் சமன்பாடுகளே தீர மறுக்கும். நம் எடுத்துக்காட்டில் மட்டக்குறிகளின் உயரம் தெரியாது என்று வைத்து, அ, ஆ, இ ஆகிய மூன்றின் உயரங்களையும் மாறிலிகளாகக் கொண்டு, அவற்றுக்கிடையேயான மூன்று வேறுபாடுகளை மட்டும் அளந்தால், இயல்நிலை அணியின் நிரைகள் இவ்வாறு அமையும்:

2  −1  −1
−1  2  −1
−1  −1  2

ஒவ்வொரு நிரையின் கூட்டுத்தொகையும் சுழி, அணிக்கோவையும் சுழி. இது கணக்கின் குறையன்று. உயர வேறுபாடுகளை எத்தனை முறை அளந்தாலும், கடல் மட்டத்திலிருந்து உண்மை உயரம் என்ன என்பதை அவை சொல்ல இயலாது. மூன்று உயரங்களையும் ஒரே அளவு கூட்டினாலும் வேறுபாடுகள் மாறுவதில்லை. ஏதேனும் ஓர் இடத்தின் உயரத்தை நிலையாகக் கொண்டவுடன் தீர்வு கிடைத்துவிடும். அணிக்கோவை சுழியாவது, அளவைத் திட்டத்திலேயே ஏதோ ஒரு செய்தி விடுபட்டுள்ளது என்பதன் அறிகுறி.

இலக்கங்கள் கரையும் இடம்

இன்னொரு தொல்லை, தீர்வு இருந்தும் அது கணக்கில் கரைந்துபோவது. திட்ட அலுவலகங்களில் ஆண்டு வாரியான உற்பத்திக்கு ஒரு நேர்க்கோட்டைப் பொருத்தும்போது இது அடிக்கடி நேர்வது. 1971 முதல் 1975 வரை ஐந்து ஆண்டுகளை அப்படியே மாறியாகக் கொண்டால், இயல்நிலை அணியில் 5, 9865, 19463655 ஆகிய எண்கள் இடம்பெறும். அணிக்கோவை, 97318275-இலிருந்து 97318225-ஐக் கழித்துப் பெறும் 50. இரு பெரும் எண்களின் முதல் ஆறு இலக்கங்களும் ஒன்றே. விடையின் உயிர் கடைசி இரண்டு இலக்கங்களில் மட்டும் உள்ளது. ஆறு இலக்கங்களோடு கணக்கை நிறுத்தினால் அவ்விரண்டும் போய்விடும். பின்னர் வரும் சாய்வுக்குப் பொருளே இராது.

இதற்கு மருந்து எளிது. ஆண்டுகளை 1973-இலிருந்து எண்ணி −2, −1, 0, 1, 2 எனக் கொண்டால், ஆண்டுகளின் கூட்டுத்தொகை சுழியாகவும் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 10 ஆகவும் அமையும். இரு சமன்பாடுகளும் தனித்தனியே பிரிந்துவிடும்; அணிக்கோவை அதே 50 ஆயினும், அது இப்போது 5 × 10 என நேராகவே கிடைக்கிறது.

மாறிலிகள் பலவாகும்போது இத்தகைய எளிய மாற்றம் எப்போதும் கைகொடுப்பதில்லை. A-யிலிருந்து AᵀA-வை அமைக்கும் செயலே, பிழைகளைப் பெருக்கும் காரணியை வர்க்கமாக்கிவிடுகிறது. இயல்நிலைச் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்கென்றே பிரெஞ்சு நில அளவை அதிகாரி சோலெஸ்கி, சமச்சீர் அணியை இரு முக்கோண அணிகளாகப் பிரிக்கும் வழியை வகுத்தார். 1918-இல் போரில் அவர் மறைந்த பின், 1924-இல் அது வெளியாயிற்று. நல்ல நிலையிலுள்ள தொகுதிகளுக்கு இன்றும் அதுவே விரைவான வழி. இலக்கங்கள் கரையும் அபாயம் உள்ள இடங்களில், AᵀA-வை அமைக்காமல் A-யையே செங்குத்து அணியாகவும் முக்கோண அணியாகவும் பிரிக்கும் முறையைக் கணிப்பொறி நிரல்கள் பின்பற்றுகின்றன. ஹவுஸ்ஹோல்டர் 1958-இல் வெளியிட்ட உருமாற்றத்தை கோலப் 1965-இல் இதற்குப் பயன்படுத்திக் காட்டினார். வழி வேறாயினும் அவை தேடும் தீர்வு, இயல்நிலைச் சமன்பாடுகள் வரையறுக்கும் அதே தீர்வுதான். எனவே கணிப்பொறி தரும் விடையைப் பெற்ற அலுவலரும், எச்சங்களை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்து, அவை நிரல்களுக்குச் செங்குத்தாக உள்ளனவா, அவற்றுள் ஏதேனும் ஒன்று தனித்து நிற்கிறதா என்னும் இரு சோதனைகளையும் கையாலேயே செய்துகொள்ளலாம்.